கெடாவில் வெயில் ஏறும் முன் ஏர்கோனைப் பழுதுபார்க்கச் சொல்லி வீட்டுக்காரருக்குக் கடிதம்: முழுமையான வழிகாட்டி

ஏர்கோன் கெட்டுப்போனால் நம் ஆட்கள் எழுதும் கடிதம் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். வெக்கை தாங்கவில்லை, பிள்ளைகள் தூங்கவில்லை, தயவுசெய்து சீக்கிரம் பாருங்கள். படிக்கும் வீட்டுக்காரருக்கு இரக்கம் வரலாம். ஆனால் அவர் மனத்தில் ஓடுவது வேறு கேள்வி: "இதற்கு யார் காசு கொடுப்பது?" கடிதம் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாவிட்டால், "பார்க்கிறேன்மா" என்ற ஒரு வரியோடு விஷயம் முடிந்துவிடும். அதற்குள் மார்ச் வந்துவிடும்.

அதனால் இங்கே வெக்கையைப் பற்றிக் கொஞ்சமாகவும், காசு யார் தலையில் என்பதைப் பற்றி நிறையவும் சொல்லப்போகிறேன். பேச்சு அந்தரத்தில் நிற்காமல் இருக்க ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். பீடோங்கில் ஒரு தாமான், ஒரு மாடி டெரஸ் வீடு, மாத வாடகை 750 ரிங்கிட். குடியிருக்கும் அக்கா சுங்கை பட்டாணியில் தாதி. இரவு வேலை முடிந்து வந்து பகலில் தூங்குபவர். வீட்டுக்காரர் தோட்டத்தில் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். நேரில் அவரை "அங்கிள்" என்றுதான் கூப்பிடுகிறார். படுக்கையறையில் ஒரு குதிரைத்திறன் ஏர்கோன், ஒன்பது வருடப் பழசு. ஜனவரி 2ஆம் தேதி அது நின்றுவிட்டது.

எப்போது எழுத வேண்டும்

நம் நாட்டில் கோடைக்காலம் என்று தனியாக ஒன்று இல்லை என்பார்கள். கெடா, பெர்லிஸ் பக்கம் இருப்பவர்களிடம் அதைச் சொல்லிப் பாருங்கள். வடகிழக்குப் பருவமழை விட்டதும் ஜனவரி கடைசியிலிருந்து இந்த வட்டாரம் காய ஆரம்பிக்கும். பிப்ரவரி, மார்ச், ஏப்ரல் தொடக்கம் வரை உச்சம். நாட்டிலேயே பதிவான மிக உயர்ந்த வெப்பநிலை 40.1 பாகை செல்சியஸ். அது பெர்லிஸ் சுப்பிங்கில் 1998 ஏப்ரல் 9ஆம் தேதி பதிவானது. வானிலைத் துறை மூன்று நாள் தொடர்ந்து 35 பாகையைத் தொட்டாலே முதல் நிலை எச்சரிக்கை விடும். தகரக் கூரைக்குக் கீழே, மதியம் 2 மணிக்கு, இரவு வேலை பார்த்தவர் தூங்க முடியுமா என்று யாரும் கேட்க வேண்டியதில்லை.

வெயிலைவிட அவசரமான காரணம் இன்னொன்று உண்டு. ஏர்கோன் பழுதுபார்ப்பவர்களில் பலர் சீனர்கள். சீனப் புத்தாண்டுக்கு முன் இரண்டு மூன்று வாரம் எல்லா வீட்டிலும் சர்வீஸ் கேட்பார்கள்; புத்தாண்டுக்குப் பிறகு கடை திறக்க நாளாகும். கடை திறக்கும்போது வெயிலும் ஏறியிருக்கும், வரிசையும் நீண்டிருக்கும். ஆகவே கடிதம் ஜனவரி முதல் பாதியில் கை மாறியிருக்க வேண்டும். நின்றுபோன நாளிலிருந்து ஒரு வாரத்துக்குள் எழுதிவிடுவது நல்லது. நாள் தள்ளினால் "அவ்வளவு நாள் இல்லாமல் இருந்தீர்கள்தானே" என்ற பேச்சும் வரும்.

முதல் வேலை: என்ன கெட்டது என்று தெரிந்துகொள்வது

"ஏர்கோன் ஓடவில்லை" என்று எழுதினால் அதற்கு நூறு அர்த்தம். ஆளைக் கூப்பிடுவதற்கு முன் நீங்களே நாலு விஷயம் பார்க்கலாம். ரிமோட்டில் பேட்டரி மாற்றுங்கள். சுவரில் இருக்கும் ஏர்கோன் சுவிட்சையும், மின்பெட்டியில் ஏர்கோனுக்கான சின்ன சுவிட்சையும் பாருங்கள். முன்மூடியைத் தூக்கி ஃபில்டரை வெளிச்சத்தில் பிடியுங்கள். வெளிச்சம் தெரியாத அளவுக்குத் தூசி அடைத்திருந்தால் அதைக் கழுவிப் போட்டு ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். பிறகு வெளியே போய் நில்லுங்கள். அறைக்குள் காற்று வருகிறதா, வெளிப்பெட்டியில் விசிறி சுற்றுகிறதா, கம்ப்ரஸரின் உறுமல் கேட்கிறதா? இந்த மூன்றையும் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

உள்ளே விளக்கே எரியாவிட்டால் மின்சாரமோ உள் போர்டோ போயிருக்கலாம். காற்று வருகிறது, குளிர் இல்லை, வெளியே விசிறி சுற்றுகிறது, உறுமல் மட்டும் இல்லை என்றால் கெப்பாசிட்டர் அல்லது கம்ப்ரஸர். எல்லாம் ஓடியும் குளிராமல், செம்புக் குழாயில் பனி கட்டினால் ஃபில்டரோ காயிலோ அடைத்திருக்கிறது, இல்லையென்றால் கேஸ் குறைந்திருக்கிறது. கேஸ் விஷயத்தில் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். ஏர்கோனின் கேஸ் கார் பெட்ரோல் மாதிரி எரிந்து தீர்வதில்லை. குறைந்தால் எங்கோ ஒழுகுகிறது என்றுதான் பொருள். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை கேஸ் அடைக்கச் சொல்லி உங்கள் காசைக் கரைத்துக்கொண்டிருந்தால், ஒழுகல் எங்கே என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். அது பழுது; சர்வீஸ் இல்லை.

நம் அக்காவின் வீட்டில் நடந்தது வேறு. ஏர்கோனைப் போட்டால் முதலில் காற்று வரும். மூன்று நிமிடம் போல ஆகும். வெளியே "டக்" என்று ஒரு சத்தம், உடனே வீடு முழுக்க இருட்டு. மின்பெட்டியில், மின்கசிவு வந்தால் மின்சாரத்தை வெட்டும் இஎல்சிபி விழுந்திருக்கும். அந்த இடைவெளியே ஒரு துப்பு. ஏர்கோன் போட்டவுடன் கம்ப்ரஸர் ஓடாது, சில நிமிடம் காத்திருந்துதான் இயங்கும். அது இயங்கப் போகும் நொடியில் மின்சாரம் விழுகிறது என்றால், சந்தேகம் முதலில் கம்ப்ரஸர் மேல்தான்: உள்ளே சுருள் எர்த் ஆகியிருக்கலாம், அதாவது சுருளிலிருந்து மின்சாரம் வெளி உலோகத்துக்குக் கசியலாம். இப்படி விழுந்தால் திரும்பத் திரும்பத் தூக்கிவிட்டுப் பார்க்காதீர்கள். ஏர்கோனின் சுவிட்சை மட்டும் அணைத்து வைத்துவிட்டு மற்றதை ஓட்டுங்கள். வெளிப்பெட்டியை நீங்கள் திறக்கவும் வேண்டாம். மின்சாரத்தை அணைத்த பிறகும் கெப்பாசிட்டரில் மின்னூட்டம் தங்கியிருக்கும்.

ஒரு தடவை அந்தக் காட்சியைக் கைப்பேசியில் வீடியோ எடுத்து வையுங்கள்: ரிமோட்டை அழுத்துவது, காற்று, சத்தம், இருட்டு. அதற்குமேல் தேவையில்லை.

ஒப்பந்தத்தில் எங்கே பார்ப்பது

பலர் தவறவிடும் இடம் இதுதான். மலேசியாவில் குடியிருப்பு வாடகைக்கென்று தனிச் சட்டம் நடைமுறையில் இல்லை. கொண்டுவருவதாகப் பேச்சு மட்டும் பல வருடமாக ஓடுகிறது. எனவே "சட்டப்படி நீங்கள்தான் செய்ய வேண்டும்" என்று மொட்டையாக எழுதுவது வீண். உங்கள் வாடகை ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் ஆதாரம்.

அதில் மூன்று இடத்தைத் தேடுங்கள். கடைசிப் பக்கத்தில் பொருள் பட்டியல் இருக்கும்: விசிறி இத்தனை, ஏர்கோன் இத்தனை, அலமாரி இத்தனை. ஏர்கோன் அந்தப் பட்டியலில் இருந்தால், அது வாடகையோடு சேர்த்துக் கொடுக்கப்பட்ட பொருள். இது உங்களுக்குப் பெரிய பலம். இரண்டாவது, குடியிருப்பவரின் கடமைகள். அங்கே பெரும்பாலும் ஏர்கோனை இத்தனை மாதத்துக்கு ஒரு தடவை சொந்தச் செலவில் சர்வீஸ் செய்ய வேண்டும் என்றும், சின்னச் சின்னப் பழுதுகளைக் குடியிருப்பவரே பார்த்துக்கொள்ள வேண்டும் என்றும் இருக்கும். சில ஒப்பந்தங்களில் அந்தச் "சின்னப் பழுது" எத்தனை ரிங்கிட் வரை என்று தொகையும் போட்டிருப்பார்கள். மூன்றாவது, நியாயமான தேய்மானம் என்ற பேச்சு எங்கே வருகிறது என்று பாருங்கள். வீட்டையும் பொருள்களையும் நல்ல நிலையில் வைத்திருக்க வேண்டும், "நியாயமான தேய்மானம் நீங்கலாக" என்று எழுதியிருந்தால், பழசாகி உழைத்துத் தேய்ந்த கம்ப்ரஸர் உங்கள் கணக்கில் வராது என்று வாதிடலாம்.

அக்காவின் ஒப்பந்தத்தில் பட்டியலில் "ஏர்கோன் 1, படுக்கையறை" என்று இருக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை சர்வீஸ் அவர் செலவு. 150 ரிங்கிட் வரையுள்ள பழுதும் அவர் செலவு. அதற்கு மேலே யார் என்று ஒரு வார்த்தையும் இல்லை. கடைகளில் விற்கும் அச்சு ஒப்பந்தங்கள் பலவும் இந்த இடத்தில் வாய் திறப்பதில்லை. ஆனாலும் 150 வரை குடியிருப்பவர் என்று எழுதிவிட்டால், அதற்கு மேற்பட்டது அவருடையது அல்ல என்று சொல்ல இடம் கிடைக்கிறது. கடிதத்தின் முதுகெலும்பு அந்த வரிதான்.

பட்டியலில் ஏர்கோன் இல்லை, முன்பு குடியிருந்தவர் விட்டுப்போனது என்றால் உங்கள் நிலை பலவீனம். நீங்களே மாட்டியது என்றால் கடிதமே வேண்டாம். ஒப்பந்தமே இல்லை, வாய்ப்பேச்சுதான் என்றால், வீட்டை வாடகைக்கு விடும்போது அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியில் "ஏர்கோன் இருக்கு" என்று அவரே எழுதியிருக்கிறாரா என்று தேடுங்கள். பெரும்பாலும் இருக்கும்.

இன்னொன்று: ஒப்பந்தத்துக்கு முத்திரைத் தீர்வை கட்டியிருக்கிறதா பாருங்கள். 1949 முத்திரைச் சட்டப்படி, முத்திரை இடாத ஆவணத்தை நீதிமன்றம் ஆதாரமாக ஏற்காது. கட்டாமல் இருந்தால் அபராதத்தோடு இப்போதும் கட்டலாம்.

டெக்னிசியனின் காகிதம்

உங்கள் செலவிலாவது ஒருவரை அழைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அதற்கு முன் வீட்டுக்காரருக்கு ஒரு செய்தி போட்டுவிடுங்கள். "அங்கிள், ஏர்கோன் போட்டா இஎல்சிபி விழுது. நாளைக்கு ஆள் வந்து பார்க்கிறார். நீங்க வழக்கமா கூப்பிடற ஆள் இருந்தா சொல்லுங்க." இந்தக் கடைசி வாக்கியம் முக்கியம். பின்னால் "உன் ஆள் சொன்னதை நான் ஏன் நம்ப வேண்டும்" என்று அவர் கேட்க இடம் இருக்காது.

வந்தவர் வாயால் சொல்லிவிட்டுப் போனால் பயனில்லை. கடை முத்திரையுள்ள பில்லில் எழுதி வாங்குங்கள்: ஏர்கோனின் பிராண்டும் மாடல் எண்ணும், பார்த்த தேதி, எதைச் சோதித்தார், எது கெட்டது, ஏன் கெட்டது, என்ன செலவு. "கம்ப்ரஸர் ரோசாக்" என்று மட்டும் எழுதித் தருவார்கள். அது போதாது. ஏன் என்ற இடத்தில்தான் முழுப் பணமும் இருக்கிறது. "சுருள் எர்த் ஆகியுள்ளது, பழைய யூனிட், காயிலும் ஃபில்டரும் சுத்தம்" என்று எழுதினால் அது வீட்டுக்காரரின் கணக்கு. "காயில் முழுக்க அழுக்கு, அதனால் சூடேறிக் கெட்டது" என்று எழுதினால் அது உங்கள் கணக்கில் வர வாய்ப்பு அதிகம். உண்மையை மாற்றி எழுதச் சொல்லாதீர்கள். வீட்டுக்காரர் இன்னொரு ஆளை அனுப்பினால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். சுத்தமாக இருந்ததை அவர் பார்த்திருந்தால், அதை எழுதச் சொல்வதில் தவறில்லை.

விலை இரண்டு வழிக்கும் வாங்குங்கள். அக்காவுக்குக் கிடைத்தது: கம்ப்ரஸர் மாற்றிக் கேஸ் அடைக்க 850, புது ஒரு குதிரைத்திறன் யூனிட் பொருத்துவதோடு 1,250. ஒன்பது வருட யூனிட்டுக்கு 850 போடுவது சரியா என்று வீட்டுக்காரர் யோசிப்பார். அந்த முடிவு அவருடையது, பொருள் அவருடையது. கடிதத்தில் புதுசுதான் வேண்டும் என்று அடம்பிடித்தால் பேச்சு அங்கே முறுக்கிக்கொள்ளும். இரண்டையும் வைத்துவிட்டு "எதுவானாலும் சரி" என்று விடுங்கள். அந்தப் பழைய யூனிட்டில் ஆர்-22 கேஸ் என்று ஸ்டிக்கரில் இருந்தால் அதையும் குறிப்பிடுங்கள். அந்த வகைக் கேஸைப் படிப்படியாக ஒழித்து வருகிறார்கள், புது யூனிட்டுகளில் ஆர்-32தான் வருகிறது. அவர் கணக்குப் போட அது உதவும்.

கூடவே உங்கள் சர்வீஸ் ரசீதுகளைத் தேடி எடுங்கள். அக்காவிடம் இரண்டு இருந்தன, மார்ச்சும் செப்டம்பரும். ரசீது தொலைந்திருந்தால் சர்வீஸ் செய்தவரிடம் நகல் கேளுங்கள், அல்லது பணம் அனுப்பிய வங்கிப் பதிவைக் காட்டுங்கள். ஒரு தடவைகூடச் சர்வீஸ் செய்யவில்லை என்றால், முழுத் தொகையும் கேட்கும் கடிதம் எழுதாதீர்கள். பாதிப் பாதி என்று நீங்களே தொடங்குவது புத்திசாலித்தனம்.

கடிதம்

தமிழ்ப்பள்ளியில் அதிகாரப்பூர்வக் கடிதம் எழுதிய நினைவு இருந்தால் அதே அமைப்புதான்: அனுப்புநர், பெறுநர், தேதி, கோடிட்ட தலைப்பு, இரண்டாம் பத்தியிலிருந்து எண். எண் போடுவது வெறும் சடங்கு இல்லை. பின்னால் "4ஆம் பத்தியில் சொன்னபடி" என்று சுட்ட முடியும். ஒரு பக்கத்தைத் தாண்டாதீர்கள்.

வீட்டுக்காரர் தமிழ் படிப்பவர் என்றால் தமிழிலேயே எழுதுங்கள். ஓய்வுபெற்ற கிராணிக்கு அது மரியாதையாகவும் இருக்கும். ஆனால் அதே கடிதத்தை மலாயிலும் எழுதி இணைத்துவிடுங்கள். விஷயம் நீதிமன்றம் வரை போனால் அங்கே ஆவணங்கள் தேசிய மொழியில் இருக்க வேண்டும்.

அக்காவின் கடிதம் இது. அடைப்புக்குறியில் உள்ள இடங்களை உங்கள் விவரத்தால் நிரப்பிக்கொள்ளுங்கள்.

> (அனுப்புநர் பெயர், வீட்டு முகவரி, கைப்பேசி எண்)
>
> (வீட்டுக்காரர் பெயர், முகவரி)
>
> 8 ஜனவரி (ஆண்டு)
>
> மதிப்பிற்குரிய ஐயா,
>
> (வீட்டு எண், தாமான் பெயர்), பீடோங்: படுக்கையறை ஏர்கோனைப் பழுதுபார்க்கக் கோருதல்
>
> வணக்கம். மேற்கண்ட வீட்டில் நான் (தேதி) ஒப்பந்தப்படி வாடகைக்குக் குடியிருந்து வருகிறேன். இந்த மாத வாடகை உட்பட அனைத்தையும் தவறாமல் செலுத்தியுள்ளேன்.
>
> 2. ஒப்பந்தப் பொருள் பட்டியலில் உள்ள படுக்கையறை ஏர்கோன் (பிராண்டு, மாடல் எண்) ஜனவரி 2ஆம் தேதி முதல் இயங்கவில்லை. அதை இயக்கிய சுமார் மூன்று நிமிடத்தில் வீட்டின் இஎல்சிபி விழுந்து மின்சாரம் நின்றுவிடுகிறது. பாதுகாப்புக்காக அதன் சுவிட்சை அணைத்து வைத்துள்ளேன். இதை அன்றே வாட்ஸ்அப்பில் தங்களுக்குத் தெரிவித்தேன்.
>
> 3. ஜனவரி 5ஆம் தேதி டெக்னிசியன் சோதித்ததில் கம்ப்ரஸரின் சுருள் எர்த் ஆகியிருப்பது தெரியவந்தது. யூனிட்டின் வயதால் ஏற்பட்ட பழுது என்றும், காயிலும் ஃபில்டரும் சுத்தமாக உள்ளன என்றும் அவர் எழுதிக் கொடுத்துள்ளார். ஒப்பந்தப்படி ஆறு மாதத்துக்கு ஒரு முறை நான் செய்த சர்வீஸின் ரசீதுகளையும் இணைத்துள்ளேன்.
>
> 4. ஒப்பந்தப்படி 150 ரிங்கிட் வரையுள்ள பழுது என் பொறுப்பு. இந்தப் பழுது அந்த வரம்பைக் கடந்தது, வழக்கமான தேய்மானத்தால் வந்தது. எனவே இதைத் தங்கள் செலவில் சரிசெய்து தருமாறு கேட்டுக்கொள்கிறேன். கம்ப்ரஸர் மாற்ற 850 ரிங்கிட், புது யூனிட் பொருத்த 1,250 ரிங்கிட் என விலைப்பட்டியல் இணைத்துள்ளேன். இரண்டில் எதைத் தேர்ந்தாலும், வேறு ஆளைத் தாங்கள் அனுப்பினாலும் எனக்குச் சம்மதம்.
>
> 5. நான் இரவு வேலை செய்து பகலில் தூங்குபவள். பிப்ரவரியில் வெயில் கடுமையாகும். சீனப் புத்தாண்டையொட்டி ஆள் கிடைப்பதும் சிரமம். ஆகவே ஜனவரி 22ஆம் தேதிக்குள் வேலையை முடித்துத் தருமாறு வேண்டுகிறேன். வார நாள்களில் மாலை 4 மணிக்குப் பிறகு வீட்டில் இருப்பேன்.
>
> 6. தாங்கள் விரும்பினால் நானே பணம் கொடுத்துச் செய்துவிட்டு, ரசீதுத் தொகையைப் பிப்ரவரி, மார்ச் வாடகையில் கழித்துக்கொள்ளலாம். அதற்குத் தங்கள் எழுத்துப்பூர்வ சம்மதம் தேவை. வாட்ஸ்அப் பதில் போதும்.
>
> தங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன். நன்றி.
>
> இக்கண்,
>
> (கையொப்பம், பெயர்)
>
> இணைப்பு: டெக்னிசியன் அறிக்கை, விலைப்பட்டியல், சர்வீஸ் ரசீது 2, ஒப்பந்தப் பக்க நகல், மலாய்க் கடிதம்

வெக்கையைப் பற்றி ஐந்தாம் பத்தியில் இரண்டு வாக்கியம்தான். அதுவும் தேதியை நியாயப்படுத்துவதற்காக. முதல் பத்தியில் வாடகை பாக்கி இல்லை என்று சொன்னதும் காரணத்தோடுதான். பாக்கி வைத்திருப்பவர் கடிதத்துக்கு முதல் பதில் "முதலில் வாடகையைக் கட்டு" என்று வரும். உங்களுக்குப் பாக்கி இருந்தால் அதைக் கட்டிவிட்டு எழுதுங்கள், அல்லது அந்த வாக்கியத்தை எடுத்துவிடுங்கள்.

ஆறாம் பத்தியில் 1,250 ரிங்கிட்டை ஒரே மாதத்தில் கழிக்க முடியாது, வாடகையே 750தான். அதனால்தான் இரண்டு மாதம்: பிப்ரவரியில் 750, மார்ச்சில் 500. மார்ச்சில் அக்கா 250 கட்டினால் கணக்கு நேர். இப்படி எண்ணில் சொல்லிவிட்டால் வீட்டுக்காரருக்கும் உடனே கைக்காசு போட வேண்டிய சுமை இல்லை. ஓய்வூதியத்தில் வாழ்பவர்களிடம் இந்த வழி நன்றாகவே எடுபடும்.

அனுப்புவது

கையெழுத்திட்ட கடிதத்தையும் இணைப்புகளையும் ஸ்கேன் செய்து ஒரே பிடிஎஃப்பாக வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். அன்றே தபால் நிலையத்துக்குப் போய், பெற்றவர் கையெழுத்திட்ட அட்டை திரும்பி வரும் ஏஆர் பதிவு அஞ்சலிலும் போடுங்கள். ஒப்பந்தத்தில் "அறிவிப்பு பதிவு அஞ்சலில்" என்று இருந்தால் இது கட்டாயம். முகவரி ஒப்பந்தத்தில் உள்ளதாக இருக்கட்டும், அவர் பிள்ளை வீட்டு முகவரி வேண்டாம்.

நேரில் கொண்டுபோய்க் கொடுக்கலாமா? கொடுக்கலாம், சொல்லப்போனால் நம் ஊரில் அதுதான் நல்லது. வெறும் கடிதம் மட்டும் வந்தால் "இத்தனை வருடம் பழகிய பிள்ளை வக்கீல் மாதிரி எழுதுதே" என்று மனம் கோணும். போய் உட்காருங்கள், ஒரு டீ குடியுங்கள், "அங்கிள், கணக்குக்காக எழுதினேன்" என்று சொல்லிக் கொடுங்கள். உங்கள் நகலில் ஒரு கையெழுத்தும் தேதியும் வாங்கிக்கொண்டு வாருங்கள். திரும்பி வந்ததும் அங்கே பேசியதை நாலு வரியில் வாட்ஸ்அப்பில் போட்டுவிடுங்கள்: "இன்னிக்குச் சொன்னபடி அடுத்த வாரம் உங்க ஆள் வருவார்னு புரிஞ்சுக்கிட்டேன், அங்கிள்." அவர் மறுக்காவிட்டால் அந்தச் செய்தி பின்னால் கை கொடுக்கும்.

பதில் எப்படியெல்லாம் வரும்

"நீ ஒழுங்கா சர்வீஸ் பண்ணல" என்பது அடிக்கடி வரும் பதில். மூன்றாம் பத்தியே அதற்குப் பதில். ரசீதைச் சுட்டிவிட்டு, அவர் ஆளை அனுப்பிப் பார்க்கச் சொல்லுங்கள், வாய்ச்சண்டை வேண்டாம்.

"பாதிப் பாதி போட்டுக்கலாம்" என்றால், உங்கள் ரசீதுகளின் பலத்தைப் பொறுத்து முடிவெடுங்கள். ஒத்துக்கொண்டால் ஒரு நிபந்தனை போடுங்கள்: யூனிட் வீட்டுக்காரருடையதே, வீட்டைக் காலி செய்யும்போது முன்பணத்தில் இதற்காக எதுவும் பிடிக்கக் கூடாது. இதை எழுதி வாங்காமல் 600 ரிங்கிட்டைக் கொடுத்துவிட்டு, காலி செய்யும்போது ஏர்கோனைக் கழற்றிக்கொண்டு போகலாமா என்று சண்டை போட்டவர்கள் உண்டு.

"அப்போ வாடகையை ஏத்துவேன்" என்றால், ஒப்பந்தக் காலம் முடியும் வரை அவர் தன்னிச்சையாக ஏற்ற முடியாது, ஒப்பந்தமே இடம் கொடுத்திருந்தால் ஒழிய. புதுப்பிக்கும்போது ஏற்றலாம். ஒப்பந்தம் பிப்ரவரியில் முடிகிறது என்றால் நீங்கள் பேரம் பேசும் நிலையில் இல்லை; கடிதத்தின் தொனியை அதற்கேற்பக் குறைத்துக்கொள்ளுங்கள்.

பதிலே இல்லை என்றால் வாடகையை நிறுத்தத் தோன்றும். செய்யாதீர்கள். வாடகை இத்தனை நாள் தவறினால் ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளலாம் என்று பெரும்பாலும் எழுதியிருக்கும். நீங்கள் நிறுத்திய அன்றே ஏர்கோன் பிரச்சினை மறைந்து வாடகைப் பிரச்சினை பிறந்துவிடும். பாக்கிக்காக நீதிமன்றம் மூலம் வீட்டுப் பொருளைப் பறிமுதல் செய்ய வழிவிடும் 1951ஆம் ஆண்டுச் சட்டமும் அவர் கையில் இருக்கிறது. வாடகையை வங்கி வழியாகத் தொடர்ந்து கட்டுங்கள், பதிவு இருக்கட்டும்.

ஜனவரி 22 தாண்டியதும் அரைப்பக்கத்தில் இரண்டாம் கடிதம். முதல் கடிதத்தின் தேதி, ஏஆர் எண், பதில் வராதது, இன்னும் ஏழு நாள் அவகாசம், அதற்குள் முடியாவிட்டால் நானே பழுதுபார்த்துச் செலவைத் திரும்பக் கோருவேன் என்ற ஒரு வாக்கியம். ஏழு நாள் கழித்தும் மௌனம் என்றால், இரண்டு வழியில் குறைந்த செலவான 850-ஐ மட்டும் செய்யுங்கள். புது யூனிட் வாங்கிவிட்டுப் பணம் கேட்டால், "தேவைக்கு மேல் செலவழித்தாய்" என்று சொல்ல இடம் கொடுக்கிறீர்கள்.

அந்தப் பணத்தைக் கேட்கும் இடம் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு கோரிக்கைப் பிரிவு. பீடோங்காருக்கு அது சுங்கை பட்டாணி. 2012 நீதிமன்ற விதிகளின் 93ஆவது ஆணைப்படி 5,000 ரிங்கிட் வரையுள்ள தொகையைத் தனியாள் கோரலாம், படிவம் 198, வக்கீல் இல்லாமல் நீங்களே வாதிடுவதுதான் முறை. அங்கே நீங்கள் வைக்கப்போவது மேலே சேர்த்த அதே காகிதங்கள். வெற்றி உறுதி என்று சொல்ல மாட்டேன். ஒப்பந்தம் வாய் திறக்காத இடத்தில் நீதிபதி எப்படி வாசிப்பார் என்பது அவர் கையில். ஆனால் 850 ரிங்கிட்டுக்காக நீதிமன்றப் படியேற விரும்பும் வீட்டுக்காரர் குறைவு. படிவத்தின் நகல் போய்ச் சேர்ந்ததும் தொலைபேசி அடிக்கும் என்பது நான் பார்த்தவரை வழக்கம். பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போகச் சொல்பவர்கள் இருப்பார்கள். அது பொருளும் சேவையும் விற்பவர்கள் மேலான புகாருக்கானது, வீட்டு வாடகைத் தகராறுக்கு ஏற்ற இடம் இல்லை.

கோபத்தில் பூட்டை மாற்றினாலோ மின்சாரத்தை வெட்டினாலோ? நீதிமன்ற ஆணை இல்லாமல் குடியிருப்பவரை வெளியேற்றக் கூடாது என்று 1950 குறிப்பிட்ட நிவாரணச் சட்டத்தின் 7(2) பிரிவு சொல்கிறது. அப்படி நடந்தால் ஏர்கோன் கடிதத்தை ஒதுக்கிவிட்டு முதலில் போலீசில் புகார் பதிந்து, சட்ட உதவி மையத்தில் ஆலோசனை கேளுங்கள்.

வேலை முடிந்த அன்று

டெக்னிசியன் கிளம்பும் முன் உள்ளே அரை மணி நேரமாவது ஓடட்டும். மூன்று நிமிடம் தாண்டியும் இஎல்சிபி விழாமல் நிற்கிறதா, கம்ப்ரஸர் உறுமுகிறதா, வடிகுழாயில் தண்ணீர் சொட்டுகிறதா என்று பாருங்கள். கம்ப்ரஸர் மாற்றியிருந்தால் பழையதைக் கழற்றியதும் ஒரு படம் எடுங்கள். ரசீதில் பொருளின் எண்ணும், உத்தரவாதம் எத்தனை மாதம் என்பதும், யார் பெயரில் என்பதும் இருக்க வேண்டும். உத்தரவாதம் வீட்டுக்காரர் பெயரில் இருப்பதே சரி. நகல் உங்களிடம் இருக்கட்டும். புது யூனிட் என்றால் ஒப்பந்தப் பட்டியலில் பழைய மாடல் எண்ணை வெட்டிப் புதியதை எழுதி, இருவரும் பக்கத்தில் கையெழுத்துப் போடுங்கள். வாடகையில் கழித்திருந்தால், ஒவ்வொரு மாதம் பணம் அனுப்பும்போதும் குறிப்பில் எழுதுங்கள்: "மார்ச் வாடகை 250, ஏர்கோன் கழிவு 500." அடுத்த சர்வீஸ் தேதியையும் அன்றே நாள்காட்டியில் போடுங்கள், ஜூலையில் அந்த ரசீது உங்கள் கையில் இருக்க வேண்டும்.